பிளானில் ஒரு நாளை நடத்திக் காட்டுங்கள்: தம்பதியிடம் வீட்டு வடிவமைப்பை விளக்கும் முறை

வீடு கட்டப்போகும் தம்பதியின் முன்னால் முதன்முறையாகப் பிளானை விரிக்கும் இளம் ஆர்க்கிடெக்ட்டுகள் பெரும்பாலும் அறை அறையாகத்தான் போவார்கள். இது ஹால், இத்தனைக்கு இத்தனை, இது சமையலறை, இது படுக்கையறை, ஜன்னல் இங்கே. எதிரில் இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்ப முடியாது. கோடுகளைப் பார்த்து இடத்தை மனதில் எழுப்பிக்கொள்வதற்கு நமக்குப் பல வருடப் பயிற்சி இருக்கிறது. அவர்கள் வேறு தொழில் செய்பவர்கள். அவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்பது சுவர் எழும்பிய பிறகுதான் தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

நான் சொல்லப்போகும் முறை எளிமையானது. அறைகளின் வரிசையை விட்டுவிட்டு நேரத்தின் வரிசையில் பிளானைச் சொல்லுங்கள். கணவரின் ஒரு நாளைத் தனியாகவும் மனைவியின் ஒரு நாளைத் தனியாகவும் அதே தாளில் நடத்திக் காட்டுங்கள். இரண்டு நாட்களும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பாருங்கள். வடிவமைப்பு சரியா தவறா என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

சந்திப்புக்கு முன்

இரண்டு பேரிடமும் தனித்தனியாக, எழுத்திலோ போனிலோ, ஒரு சாதாரண வேலை நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது எழுகிறார்கள், முதலில் எங்கே போகிறார்கள், எப்போது வெளியே கிளம்புகிறார்கள், கையில் என்ன இருக்கும், எப்போது அமைதி வேண்டும். சேர்ந்து உட்காரவைத்துக் கேட்டால் ஒருவர் இருவருக்குமாகப் பேசிவிடுவார். மற்றவர் "ஆமாம், அப்படித்தான்" என்று முடித்துக்கொள்வார்.

அடுத்து, அவர்கள் இப்போது வசிக்கும் வீட்டில் அவர்களுக்கு நன்றாகப் பழகிய ஓர் அறையின் நீள அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். படுக்கையறையாக இருந்தால் நல்லது. அதை டிரேசிங் பேப்பரில் உங்கள் பிளானின் அதே ஸ்கேலில் வரைந்து, கட்டில் அலமாரி உட்பட வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிய படுக்கையறையின் மேல் அந்தத் தாளை வைத்துக் காட்டும்போது, "இப்ப இருக்கறதைவிட ஒரு முழம் அகலம், நீளம் கொஞ்சம் கம்மி" என்று அவர்களே சொல்வார்கள். நான்கு மீட்டர் என்ற எண்ணை எத்தனை முறை சொன்னாலும் இந்தப் புரிதல் வராது.

பிளானை 1:50 ஸ்கேலில் அச்சடியுங்கள். அந்த ஸ்கேலில் தரையின் 1 மீட்டர் தாளில் 2 செ.மீ. ஒன்பதுக்குப் பத்து மீட்டர் வீடு 18-க்கு 20 செ.மீ. ஆகும், ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். ஃபர்னிச்சர் கட்டாயம் வரைந்திருக்க வேண்டும், அதுவும் உண்மையான அளவில். இரட்டைக் கட்டிலைக் கொஞ்சம் சுருக்கி வரைந்து அறையைப் பெரிதாகக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. 150-க்கு 200 செ.மீ. கட்டில் என்றால் தாளில் 3-க்கு 4 செ.மீ. இருந்தாக வேண்டும்.

கடைசியாக, கெட்டி அட்டையில் 1.2 செ.மீ. அகலத்தில் இரண்டு வில்லைகள் வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டு நிறத்தில். 1:50-ல் அது 60 செ.மீ.; கையை இயல்பாக வைத்துக்கொண்டு நடக்கும் ஓர் ஆளுக்கு வேண்டிய அகலம். அவர் ஒரு நிறம், இவர் ஒரு நிறம். இந்த இரண்டு வில்லைகளும் செய்யும் வேலையை எந்தக் கணினிப் படமும் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் ஐந்து நிமிடம்

இருவரையும் மேசையின் ஒரே பக்கம் உட்காரவையுங்கள். எதிரெதிராக உட்கார்ந்தால் ஒருவருக்குப் பிளான் தலைகீழாகத் தெரியும். அவர் கொஞ்ச நேரத்தில் கழன்றுகொள்வார். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம்தான், அவர்களுக்குத் தேவையில்லை. வாசல் அவர்கள் வயிற்றுப் பக்கம் வரும்படி தாளைத் திருப்பிவையுங்கள். அப்போதுதான் அவர்கள் உள்ளே நுழையும்போது இடது கை இடதாகவே இருக்கும்.

பிறகு பிளான் என்றால் என்னவென்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள்:

"வீட்டைத் தரையிலிருந்து நாலடி உயரத்துல கிடையா வெட்டி, மேல் பாதியை எடுத்துட்டு மேலிருந்து எட்டிப் பாக்கறோம்னு வச்சுக்குங்க. வெட்டுப்பட்ட சுவர் எல்லாம் அடர்த்தியா இருக்கு. கால்வட்டமா ஒரு கோடு இருந்தா அது கதவு திறக்கற வழி. புள்ளிக்கோடு இருந்தா அது நம்ம தலைக்கு மேல இருக்கற பொருள், பரண் மாதிரி."

இதற்கு மேல் இப்போது வேண்டாம். மற்ற குறிகளை வழியில் எதிர்ப்படும்போது சொல்லிக்கொள்ளலாம். வண்ண முப்பரிமாணப் படங்களையும் இந்தக் கட்டத்தில் வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு சுவரின் நிறத்துக்கும் விளக்கின் வடிவத்துக்கும் போய்விடும். கதவு எங்கே இருக்கிறது என்று பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலில் ஒருவரின் நாள்

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். கணவருக்கு இரவு வேலை. காலை ஆறரைக்கு வீடு திரும்பி, குளித்துவிட்டு ஏழரையிலிருந்து இரண்டு மணி வரை தூங்குவார். மனைவி வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பாடம் நடத்துகிறார், ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை. ஒரே தளம். வாசல் தெற்கே. மேற்குப் பக்கம் முன்னால் ஹால், பின்னால் படுக்கையறை. கிழக்குப் பக்கம் முன்னாலிருந்து பின்னால் போனால் சமையலறை, குளியலறை, வேலையறை. ஹாலிலிருந்து பின்பக்கம் போக 1 மீட்டர் அகல நடைவழி. படுக்கையறைக் கதவும் வேலையறைக் கதவும் அந்த நடைவழியின் இரு பக்கமும் எதிரெதிரே இருக்கின்றன.

தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குளியலறையும் சமையலறையும் ஒட்டி இருப்பதால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் ஒரே சுவரில் அடங்கின.

கணவரின் வில்லையை வாசலில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறோம்:

"சார், இப்ப காலைல ஆறரை. வேலை முடிஞ்சு வர்றீங்க. தோள்ல பை, ஒரு கையில சாவி. கதவு உள்பக்கமாத் திறந்து இடது சுவரோட போய் ஒட்டிக்கும். அதனால பையை வைக்க வலது பக்கம்தான் வசதி. இங்க இடுப்பு உயரத்துல ஒரு பலகை வச்சிருக்கேன். பை வச்சாச்சு, சாவி மாட்டியாச்சு. நேரா நடைவழி. வலது பக்கம் முதல் கதவு பாத்ரூம். குளிச்சுட்டு வெளிய வந்து நாலு எட்டு வச்சா இடது பக்கம் பெட்ரூம். ஜன்னல் மேற்கே இருக்கு. ஏழரை மணி வெயில் கிழக்குப் பக்கம், உங்க அறைக்குள்ள வராது."

எந்தக் கோட்டையும் பெயர் சொல்லி விளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கதவின் கால்வட்டம், பை வைக்கும் கை எதுவென்று மாறியது. வடக்கு அம்புக்குறி, தூக்கத்தைக் கெடுக்காத ஜன்னலாக மாறியது. கிழக்கு வெளிச்சம் விழும் படுக்கையறையைத்தான் பலரும் கேட்பார்கள். காலையில் தூங்கப்போகும் ஒருவருக்கு அது தண்டனை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு நேரம், உடம்பின் ஓர் அசைவு, தாளில் ஒரு புள்ளி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் பேச்சு பழையபடி அறை அளவுப் பட்டியலாகிவிடும்.

பேசிக்கொண்டே, டிரேசிங் பேப்பரை மேலே விரித்து அவர் போகும் வழியை ஒரு நிறப் பென்சிலால் வரையுங்கள். நிற்கும் இடங்களில் நேரத்தை எழுதுங்கள்: 6.30, 6.40, 7.30.

பிறகு மற்றவரின் நாள், அதே தாளில்

மனைவியின் வில்லையை எடுக்கும்போது திரும்பவும் விடியற்காலையிலிருந்து தொடங்க வேண்டும். "மேடம், நீங்க ஆறேகாலுக்கு எழுந்திருக்கீங்க. பெட்ரூம்லருந்து வெளிய வந்து பாத்ரூம் போறீங்க." இங்கேயே இரண்டு பென்சில் கோடுகளும் முதல் முறை சந்தித்துவிட்டன. ஆறு நாற்பதுக்குக் குளியலறை இரண்டு பேருக்கும் வேண்டும்.

இந்த இடத்தில் நீங்கள் பேச்சை நிறுத்த வேண்டும். தீர்வை உடனே சொல்லிவிட வேண்டாம். "இந்த நேரத்துல இப்ப இருக்கற வீட்டுல என்ன பண்றீங்க?" என்று கேளுங்கள். இவர்கள் சொன்ன பதில்: அவர் குளித்து முடிக்கும்வரை இவர் காத்திருப்பார், உண்மையில் இவருக்கு அப்போது வேண்டியது கண்ணாடியும் வாஷ்பேசினும்தான். இன்னொரு குளியலறை கேட்டிருப்பார்கள் என்று நாம் நினைத்திருப்போம். தேவைப்பட்டது வாஷ்பேசினை வெளியே கொண்டுவருவது மட்டும்தான். நடைவழிச் சுவரில் ஒரு சிறு மாடம் போலக் குழித்து அங்கே அதை வைத்தால் ஒரே குளியலறை இருவருக்கும் போதும்.

நடைவழியில் இரண்டு வில்லைகளையும் எதிரெதிரே விட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. 1 மீட்டர் அகலம் தாளில் 2 செ.மீ. இரண்டு வில்லைகளும் சேர்ந்தால் 2.4 செ.மீ. ஆக, இருவர் கடக்கும்போது ஒருவர் உடம்பைத் திருப்பி வழிவிட வேண்டும். "இது உங்களுக்குப் பரவாயில்லையா, இல்ல 120 ஆக்கணுமா? ஆக்கினா அந்த 20 செ.மீ. பெட்ரூம்லருந்துதான் வரும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். எதைக் கூட்டினாலும் எங்கே குறைகிறது என்பதைச் சொல்லாமல் ஒரு தேர்வை அவர்கள் முன் வைப்பது நேர்மையில்லை. அவர்கள் 1 மீட்டரே போதும் என்றார்கள்.

வழிகள் மோதாமல் வாழ்க்கை மோதும் இடம்

ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை தாளில் எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் தொடவில்லை. அவர் கட்டிலில், இவர் மேசையில். புதிதாக விளக்குபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். இந்த வீட்டில் பெரிய தவறு இருந்தது இங்கேதான், ஏனென்றால் நடமாட்டம் நின்றாலும் குரல் நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். ஒவ்வொரு மணி நேரத்திலும் இரண்டு வில்லைகளையும் அவை இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுக் கேளுங்கள்: "இப்ப ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குக் கேக்குமா, தெரியுமா, வாசம் வருமா?"

வேலையறையிலிருந்து நான்கு மணி நேரம் பாடம் சொல்லும் குரல். அதன் கதவும் படுக்கையறைக் கதவும் ஒரு மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர். சுவரை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் கதவுதான் ஒலி ஒழுகும் இடம். உள்ளே கூடாக இருக்கும் இலேசான கதவு குரலை அதிகம் தடுக்காது. கதவுக்கு அடியில் 1 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால் கனமான கதவு போட்டும் பெரிய பலன் இருக்காது. இங்கே அப்படி இரண்டு கதவுகள், ஒன்றின் வாய் மற்றதைப் பார்த்தபடி. இதைத் தம்பதியிடம் டெசிபல் கணக்கில் சொல்ல வேண்டாம். மனைவியின் வில்லையிலிருந்து கணவரின் வில்லை வரை ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு எந்தச் சுவரையும் தொடாமல் இரண்டு கதவுகள் வழியாகவே போய்ச் சேருவதை அவர்களே பார்ப்பார்கள்.

கதவுக்கு ரப்பர் பட்டை போடலாம், கனமான கதவு போடலாம். ஆனால் பிளானிலேயே தீர்க்க முடிந்ததைக் கதவுக் கடையில் தீர்க்கப் போவதை நான் விரும்புவதில்லை. வேலையறையும் குளியலறையும் இடம் மாறினால் போதும். வேலையறை நடுவே வந்து, அதன் கதவு நடைவழிக்குள் வராமல் ஹால் பக்கம் திறக்கும். குளியலறை பின்னால் போய்ப் படுக்கையறைக்கு எதிரே நிற்கும்.

இதற்கும் விலை உண்டு. அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். குளியலறை 3 மீட்டர் பின்னால் போகிறது, அதனால் கழிவுக் குழாயும் அவ்வளவு நீளும். 40-க்கு 1 சரிவு கொடுத்தால் 3 மீட்டருக்குக் குழாய் 7.5 செ.மீ. கூடுதலாகக் கீழே இறங்க வேண்டும். வெளியே இருக்கும் கழிவுநீர்த் தொட்டியின் ஆழம் அதற்கு இடம்கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வருபவர்கள் குளியலறைக்குப் போக படுக்கையறைக் கதவைத் தாண்டிப் போவார்கள். காலை நேரத்தில் மனைவி குளியலறையைப் பயன்படுத்தும் தண்ணீர்ச் சத்தம் தூங்குபவருக்குக் கேட்கும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் கணவர் சொன்ன பதில்தான் முடிவைத் தந்தது: "தண்ணிச் சத்தத்துக்கு நான் எழுந்திரிக்க மாட்டேன். பேச்சுச் சத்தம்னா உடனே முழிப்பு வந்துடும்." எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தி இது.

வேலையறை இப்போது சமையலறையை ஒட்டி வருகிறதே, பாத்திரச் சத்தம் வகுப்பில் கேட்காதா என்று நம் மனம் கேட்கும். நேரத்தைப் பாருங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் தூங்குகிறார், இவர் வகுப்பில் இருக்கிறார், சமையலறையில் ஆளில்லை. அறை வரிசையில் யோசித்திருந்தால் இது குறையாகத் தெரிந்திருக்கும்.

செக்‌ஷனை எப்போது எடுப்பது

பிளானில் வழி சரியான பிறகு. செக்‌ஷன் என்றால் வீட்டைச் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது என்று சொன்னால் போதும், முன்பு கிடையாக வெட்டியதை ஏற்கனவே பார்த்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்த ஓர் ஆளையும் நின்ற ஓர் ஆளையும் அதே ஸ்கேலில் வரைந்திருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். செக்‌ஷனில் நான் முதலில் காட்டுவது அந்தக் கண்ணைத்தான்.

இந்த வீட்டு வேலையறையில் ஜன்னல் கிழக்கே இருக்கிறது, அதன் அடிமட்டம் 90 செ.மீ. மேசை 75 செ.மீ. "மேடம், நீங்க உக்காந்திருக்கீங்க. மேசை மேல இருக்கற புத்தகம் ஜன்னலை மறைக்காது. கண்ணை நிமிர்த்தாமலே வெளிய தெரியும். ஆனா ஒன்பது மணி வெயில் தாழ்வா நேரா உள்ள வரும். ஜன்னலைப் பாத்து உக்காந்தா கண் கூசும். முதுகுப் பக்கம் வச்சா கேமராவுல உங்க முகம் இருட்டாத் தெரியும். அதனால மேசையைத் தெற்குச் சுவரோட போட்டிருக்கேன். வெளிச்சம் இடது பக்கத்துலருந்து வரும்."

அவர் கேட்டது: "பாடம் எடுக்கும்போது யாராவது கதவைத் திறந்தா பின்னால தெரியுமா?" கதவு மேற்குச் சுவரின் நடுவில் இருந்தது, தெரியத்தான் செய்யும். அதை மேசை இருக்கும் தெற்கு மூலைக்குத் தள்ளியதும் கேமராவின் பார்வைக்கு வெளியே போய்விட்டது. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அவர் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். விளக்கம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

மாடி வீடானால் செக்‌ஷனில் படிக்கட்டையும் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கி, கால் வைக்கும் பரப்பின் அகலத்தோடு கூட்டினால் 60 முதல் 64 செ.மீ.க்குள் வர வேண்டும் என்பது நம் கணக்கு. அவர்களிடம் சொல்ல வேண்டியது, கையில் துணிக்கூடையோடு ஏறும்போது காலுக்குப் படி தெரியாது, அதனால் எல்லாப் படியும் ஒரே உயரம் என்பதைத்தான்.

வில்லையை அவர்கள் கையில் கொடுங்கள்

நீங்கள் பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுந்ததுலருந்து ராத்திரி கிளம்பற வரைக்கும் நீங்களே நடத்திக் காட்டுங்க சார்" என்று வில்லையைக் கொடுங்கள். வில்லை சுவரைத் தாண்டிக் குதித்தால், கதவை விட்டு ஜன்னல் வழியாக வெளியே போனால், இடது வலது தடுமாறினால், அந்த இடம் புரியவில்லை. திருத்தாமல் முதலில் பார்த்துக்கொண்டிருங்கள். சில சமயம் அவர்கள் தவறாகப் போகும் வழிதான் அவர்களுக்கு இயல்பாக வேண்டிய வழியாக இருக்கும். கதவை அங்கே வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

பதில் சொல்லும் முன் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியை அப்போது முடிக்காதீர்கள். அவரின் நாளுக்கே திரும்பிப் போய், அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார், கையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். "உங்களுக்குச் சம்மதமா?" என்ற கேள்விக்குத் தயங்குபவர்கூட இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

அகலத்தைப் பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால் எழுந்துவிடுங்கள். அலுவலகத் தரையில் ஒட்டும் டேப்பால் நடைவழியை முழு அளவில் ஒட்டி, இருவரையும் எதிரெதிரே நடக்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே 60 செ.மீ. விட்டிருந்தால் அதையும் ஒட்டி, குனிந்து போர்வை மடிக்கிற மாதிரி செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்: சுவரில்லாத தரையில் டேப் கோடு உண்மை அறையைவிடச் சிறியதாகவே தோன்றும். கால்கள் நடக்க முடிகிறதா என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அறை பெரிதா சிறிதா என்று தீர்மானிக்க வேண்டாம்.

கிளம்பும் முன்

எவை நகரும், எவை நகராது என்பதைத் தாளில் குறித்துக் கொடுங்கள். தூண்களும் பாரம் தாங்கும் சுவர்களும் கழிவுக் குழாய் இறங்கும் இடமும் ஒரு நிறம். அடுத்த சந்திப்பு வரை மாற்றலாம் என்பவை இன்னொரு நிறம். இது இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் இருவரும் இரவெல்லாம் பேசி, நகர்த்தவே முடியாத ஒரு தூணை நகர்த்தி முடிவெடுத்துவிட்டு வருவார்கள்.

நேரங்கள் எழுதிய அந்த டிரேசிங் பேப்பரைப் படமெடுத்து அன்றைக்கே இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ஒருவருக்கு அனுப்பி மற்றவரிடம் காட்டச் சொல்ல வேண்டாம். கூடவே நாலைந்து வரி: வேலையறையும் குளியலறையும் இடம் மாறுகின்றன, வாஷ்பேசின் வெளியே வருகிறது, நடைவழி 1 மீட்டரே, வேலையறைக் கதவு தெற்கு மூலையில், கழிவுக் குழாயின் சரிவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். திருத்திய பிளானை வரைந்த பிறகு பழைய டிரேசிங் பேப்பரையே அதன் மேல் வைத்து இரண்டு நாட்களையும் மறுபடி நடத்திப் பாருங்கள், இந்த முறை விடுமுறை நாளையும் சேர்த்து. அன்றைக்கு இருவரும் விழித்திருப்பார்கள், சமையலறையில் ஆள் இருக்கும், கோடுகள் வேறு இடங்களில் சந்திக்கும்.